போஸ்டரும் சிற்றுரையும் மோதாமல் கருத்தரங்கு நேர அட்டவணை போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேல்மாடி அரங்கில் அமர்வுத் தலைவர் ஒரு மாணவியின் பெயரை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாணவி கீழே, தன் போஸ்டர் முன்னால் நின்று, மதிப்பெண் போட வந்த நடுவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் அவர் அந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அட்டவணை சொன்னது. அதைப் போட்டவன் நான். ஆய்வுச்சுருக்கங்களைத் தலைப்பு தலைப்பாக அழகாகப் பிரித்திருந்தேன். ஆனால் ஒரே ஆள் இரண்டு தலைப்புகளில் இருப்பதைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் அட்டவணையைச் சுருக்கங்களை வைத்துத் தொடங்குவதில்லை. ஆட்களை வைத்துத்தான் தொடங்குகிறேன். யார் எங்கே கட்டாயம் நிற்க வேண்டும் என்பது தெளிவானால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமைந்துவிடும். நூறு முதல் இருநூறு சுருக்கங்கள் வரும் இரண்டு நாள் கருத்தரங்குக்கு இந்த முறை போதும். அதற்கு மேல் போனால் இண்டிகோ, ஈஸிசேர் போன்ற மென்பொருளில் ஏற்றிவிடுவது நல்லது. ஆனால் அங்கேயும் பெயர்ப் பட்டியல் சுத்தமாக இல்லாவிட்டால் மென்பொருளால் மோதலைக் கண்டுபிடிக்க முடியாது.

தாவர அறிவியல் துறை ஒன்றில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கின் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொண்டு போகிறேன். ஏற்கப்பட்டவை 131 சுருக்கங்கள். பதிவுக் கட்டணம் கட்டியவர்களுடையவை 118. அட்டவணையை அந்த 118-க்குத்தான் போட வேண்டும். கட்டாத பதின்மூன்று பேரையும் 'எப்படியும் வந்துவிடுவார்கள்' என்று சேர்த்தால் அன்றைக்கு ஓட்டை விழும். ஆகவே கட்டணக் கடைசி நாளுக்கு அப்புறம்தான் உட்கார வேண்டும்.

படிவத்திலேயே கேட்க வேண்டியவை

பெரும்பாலான படிவங்களில் 'ஆசிரியர்கள்' என்று ஒரே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஐந்து பேரின் பெயர்களைக் காற்புள்ளி போட்டு, எண் போட்டு, நட்சத்திரக் குறி போட்டு எழுதி அனுப்புவார்கள். புத்தகத்தில் அச்சிட அது போதும். அட்டவணை போட அது உதவாது.

தனித்தனியாகக் கேளுங்கள்: நேரில் வந்து வழங்கப்போகிறவர் யார், அவருடைய சொந்தக் கைபேசி எண் என்ன, கைடு யார், ஓரலா போஸ்டரா எதுவானாலும் சரியா, எந்த நாள் வர முடியாது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு இருக்கும். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓ.டி. ஒரு நாளுக்கு மட்டும் கிடைத்திருக்கும். முன்கூட்டிக் கேட்டால் ஒரு கட்டத்தை நிரப்புகிற வேலை. அட்டவணையை வெளியிட்ட பிறகு தெரிந்தால் பத்துக் கட்டங்களைக் கலைக்கிற வேலை.

ஒரு விதியையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்: ஒருவர் வழங்குவது அதிகபட்சம் ஒரு உரையும் ஒரு போஸ்டரும். பல சுருக்கங்களில் பெயர் இருக்கலாம், அதற்குத் தடையில்லை. மற்றவற்றை உடன் ஆசிரியர் யாராவது வந்து வழங்கட்டும்.

பெயர்தான் முதல் சிக்கல்

ஒருவரே ஒரு சுருக்கத்தில் கே. செல்வி, இன்னொன்றில் செல்வி கே., மூன்றாவதில் செல்வி கந்தசாமி என்று வருவார். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்டவர் பழைய கட்டுரைகளுக்கு ஒரு பெயரிலும் புதியவற்றுக்கு வேறு பெயரிலும் இருப்பார். எதிர்ப்பக்கம், ஆர். பிரியா என்று இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். கணினிக்கு அவர்கள் ஒரே ஆள். முதல் வகையில் மோதல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இரண்டாவது வகையில் இல்லாத மோதலைத் தேடி நேரம் வீணாகும்.

மின்னஞ்சலை வைத்து அடையாளம் காணலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே ஆய்வகத்து மாணவர்கள் ஆறு பேரும் கைடின் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். கைபேசி எண் ஓரளவு நம்பகமானது. ஆனால் ஒருவர் +91 போட்டும் ஒருவர் போடாமலும் கொடுப்பார்.

நான் செய்வது இதுதான். எல்லாப் பெயர்களையும் ஒரு வரிக்கு ஒருவர் என்று பிரித்து, முதலெழுத்தை நீக்கிய பெயரின் அகர வரிசையில் அடுக்குகிறேன். பெயர், நிறுவனம், கைபேசி எண் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு எண் கொடுக்கிறேன்: `N001`, `N002` என்று. சந்தேகம் இருந்தால் போன் செய்து கேட்டுவிடுவேன். நம் கருத்தரங்கில் 118 சுருக்கங்களுக்கு 430 பெயர் வரிகள் வந்தன. முழுதும் பார்த்து முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. வேறு எந்த வேலையைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

கையில் இருக்கும் நேரம் எவ்வளவு

அரங்கு இரண்டு: கலையரங்கம், கருத்தரங்கக் கூடம். போஸ்டருக்கு ஒரு பெரிய கூடம். முதல் நாள் காலையில் சிற்றுரை எதையும் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொடக்க விழா ஒன்பதரை என்று போடுவோம். சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துரைகள் முடிவதற்குள் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். அந்த முக்கால் மணி நேரத்தை யாரிடமிருந்து எடுப்போம்? பத்து நிமிடம் பேச இரவெல்லாம் பஸ்ஸில் வந்த மாணவரிடமிருந்துதான். அதனால் காலையில் தொடக்க விழா, தேநீர், 11:30-க்குச் சிறப்புரை, 12:15-க்கு அது முடிகிறது, 12:45-க்குத்தான் சாப்பாடு. நடுவில் உள்ள அரை மணி நேரம் வேண்டுமென்றே காலியாக விட்டது. அட்டவணையில் 'கலந்துரையாடல்' என்று போட்டுக்கொள்ளலாம். தாமதத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிக்கொள்ளும்.

மீதி இப்படி:

முதல் நாள் 1:30 முதல் 3:00 வரை சிற்றுரை, அமர்வு A. 3:00 முதல் 4:30 வரை போஸ்டர்.
இரண்டாம் நாள் 9:30 முதல் 11:00 வரை சிற்றுரை, அமர்வு B. 11:00 முதல் 12:30 வரை போஸ்டர். சாப்பாட்டுக்குப் பிறகு 1:15 முதல் 2:45 வரை அமர்வு C. 3:15-க்கு நிறைவு விழா.

போஸ்டர் நேரத்தில் வேறு எங்கும் எதுவும் நடக்காது. தேநீரையும் போஸ்டர் கூடத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிடுங்கள். தேநீர் வெளியே வராந்தாவில் இருந்தால் கூட்டமும் வராந்தாவில்தான் இருக்கும். பக்கத்து அரங்கில் உரை நடக்கும்போது போஸ்டர் வைப்பது இன்னும் மோசம். எல்லாரும் உரைக்குப் போய்விடுவார்கள், போஸ்டர்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இப்படித் தனியாகப் பிரித்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. உரையும் போஸ்டரும் உள்ள ஒருவருக்கு இனி மோதலே வராது.

ஒரு சிற்றுரைக்கு 15 நிமிடம்: பத்து நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் கேள்வி, இரண்டு நிமிடம் அடுத்தவர் மேடையேற. இந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் 'பத்தும் மூன்றும் பதின்மூன்று' என்று போட்டால், ஆறாவது உரை வரும்போது பத்து நிமிடம் தாமதமாகியிருக்கும். தொண்ணூறு நிமிடத்துக்கு ஆறு உரை, இரண்டு அரங்குக்குப் பன்னிரண்டு, மூன்று அமர்வுக்கு 36. அதில் 34 மட்டும் நிரப்பினேன். B-யிலும் C-யிலும் ஒவ்வொரு கடைசி இடம் காலி. மீதி 84 சுருக்கங்கள் போஸ்டர். நாளுக்கு 42.

எது உரை, எது போஸ்டர்

தரத்தில் முதல் 34-ஐ உரைக்கும் மீதியைப் போஸ்டருக்கும் தள்ளுவது வழக்கம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விளக்க வேண்டிய வேலை சில இருக்கும். மகரந்தத்தின் நுண்ணோக்கிப் படங்கள், வகைப்பாட்டு அட்டவணைகள், புவியியல் வரைபடங்கள் எல்லாம் போஸ்டரில்தான் நன்றாக இருக்கும். பத்து நிமிடத்தில் ஒரே கேள்வி, ஒரே விடை என்று சொல்லி முடிக்கக்கூடிய வேலை உரைக்கு ஏற்றது. விருப்பத்தில் 'எதுவானாலும் சரி' என்று குறித்தவர்கள்தான் நமக்கு இடம் தருகிறவர்கள். அவர்களைக் கடைசியில் வையுங்கள்.

பிறகு 34 உரைகளையும் தாளில் அச்சிட்டு, துண்டு துண்டாக வெட்டி, மேசையில் பரப்பி ஆறு குவியலாக்குங்கள். தலைப்பை மட்டும் படித்துப் பிரிக்காமல் சுருக்கத்தைப் படித்துப் பிரியுங்கள். 'உவர் நிலத்தில் நெல்' என்ற தலைப்பில் ஒன்று மண் நுண்ணுயிர் பற்றியும், இன்னொன்று மரபணு வெளிப்பாடு பற்றியும் இருக்கும். இரண்டுக்கும் கேட்க வருகிறவர்கள் வேறு. ஒரே நேரத்தில் இரண்டு அரங்கிலும் நடக்கும் குவியல்கள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கட்டும். ஒரு பக்கம் திசு வளர்ப்பு என்றால் மறுபக்கம் காட்டுத் தாவரக் கணக்கெடுப்பு.

மோதல் பார்க்கும் தாள்

எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ இரண்டு தாள்கள் போதும். முதல் தாளின் பெயர் `Program`. ஒரு சுருக்கத்துக்கு ஒரு வரி: A-யில் சுருக்க எண், B-யில் தலைப்பு, C-யில் வகை, D-யில் நேரக் குறி, E-யில் இடம்.

நேரக் குறிகள் மொத்தம் ஏழுதான். உரைக்கு `A`, `B`, `C`. போஸ்டருக்கு முதல் நாள் `P1`, `P2`, இரண்டாம் நாள் `Q1`, `Q2`. போஸ்டர் நேரத்தை ஏன் இரண்டாகப் பிரித்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். நேரமும் இடமும் தனித்தனிப் பத்திகளில் இருப்பது முக்கியம். 'கலையரங்கம்-A', 'கூடம்-A' என்று சேர்த்து எழுதினால் கணினி அவற்றை வேறு வேறு நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரு மோதலும் இல்லை என்று தாள் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

இரண்டாவது தாள் `People`. ஒரு பெயருக்கு ஒரு வரி: A-யில் ஆள் எண், B-யில் சுருக்க எண், C-யில் பங்கு. வழங்குபவருக்கு `M`, கைடுக்கு `G`, மற்றவர்களுக்கு `X`. D-யும் E-யும் முதல் தாளிலிருந்து தாமே வரும்:

```
D2: =VLOOKUP(B2,Program!$A$2:$E$200,4,FALSE)
E2: =VLOOKUP(B2,Program!$A$2:$E$200,5,FALSE)
```

அப்புறம் இரண்டு சோதனைகள்:

```
F2: =IF(C2="M",COUNTIFS($A$2:$A$600,A2,$D$2:$D$600,D2,$C$2:$C$600,"M"),0)
G2: =COUNTIFS($A$2:$A$600,A2,$D$2:$D$600,D2)-COUNTIFS($A$2:$A$600,A2,$D$2:$D$600,D2,$E$2:$E$600,E2)
```

F-இல் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டியிருக்கிறது. அதைத் தீர்க்காமல் அட்டவணையை வெளியிடக்கூடாது. G-யில் 0-க்கு மேல் வந்தால் ஒருவர் பெயர் ஒரே நேரத்தில் வேறு வேறு இடங்களில் இருக்கிறது என்று பொருள். உடன் ஆசிரியராக இருந்தால் கவலைப்பட வேண்டாம். கைடாக இருந்தால் முடிந்தவரை தீர்க்க வேண்டும். எல்லா உடன் ஆசிரியர்களுக்கும் மோதல் இல்லாமல் போட முயன்றால் அட்டவணையே போட முடியாது. அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு இடங்களில் தாள் ஏமாற்றும். இன்னும் நேரம் கொடுக்காத சுருக்கங்களுக்கு D-யில் 0 வரும். எல்லா 0-வும் ஒரே நேரமாக எண்ணப்படுவதால் பொய்யான மோதல்கள் குவியும். முழுதும் நிரப்பிய பிறகு வரும் எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள். `#N/A` வந்தால் சுருக்க எண் பொருந்தவில்லை. பெரும்பாலும் ஒரு தாளில் `S07`, இன்னொன்றில் `S007`. அல்லது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அமர்வுத் தலைவர்களையும் நடுவர்களையும் இதே தாளில் சேர்த்துவிடுங்கள். `Program`-இல் `CH-B1` என்று ஒரு வரி போட்டு நேரம் `B`, இடம் கலையரங்கம் என்று கொடுங்கள். `People`-இல் அந்தத் தலைவரை `M` என்று எழுதுங்கள். தலைவரே அந்த நேரத்தில் வேறு அரங்கில் பேச வேண்டியிருந்தால் F உடனே காட்டிவிடும்.

ஒரு கைடு, ஒன்பது சுருக்கங்கள்

யாரை முதலில் வைப்பது? அதிக இடங்களில் பெயர் உள்ளவரை. நம் பட்டியலில் ஒரு பேராசிரியை ஒன்பது சுருக்கங்களில் கைடாக இருந்தார்: மூன்று உரை, ஆறு போஸ்டர். அமர்வு A-யில் கூடத்துக்குத் தலைவராகவும் அவரைக் கேட்டிருந்தோம்.

முதல் வரைவில் அவருடைய மாணவர்களின் இரண்டு உரைகள் A-யில் கலையரங்கத்தில், மூன்றாவது B-யில். அவரோ A நேரம் முழுதும் கூடத்தில் தலைவராக உட்கார்ந்திருக்கிறார். அதாவது இரண்டு மாணவர்கள் முதல் முறையாக மேடையேறும்போது கைடு பக்கத்து அரங்கில். கடினமான கேள்வி வந்தால் துணைக்கு யாரும் இல்லை. தாளில் அவருடைய வரிகளில் G எண் காட்டியது.

உரைகளை நகர்த்துவதைவிடத் தலைவரை நகர்த்துவது எளிது. அவரை C-யில் கலையரங்கத்துக்குத் தலைவராக்கி, C-யில் இருந்தவரை A-க்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவரோ முதல் நாள் மாலைதான் ஊர் வந்து சேர்கிறார். முடியாது. B-யில் கூடத்துத் தலைவர் உள்ளூர்க்காரர், எப்போதும் இருப்பார். அவரை A-க்கு மாற்றிவிட்டு, பேராசிரியையை B-யில் கூடத்துக்குத் தலைவராக்கினேன். அவருடைய மூன்றாவது மாணவரின் உரை B-யில் அதே கூடத்தில் இருந்தது. அதனால் G 0 ஆனது. தன் மாணவர் பேசும் அமர்வுக்குக் கைடு தலைவராக இருக்கலாமா என்று கேட்பார்கள். உரைக்குப் பரிசு இல்லையென்றால் தாராளமாக இருக்கலாம். பரிசு உண்டென்றால் அந்த ஒரு உரைக்கு மதிப்பெண்ணை வேறொருவர் போடட்டும்.

இப்படி ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று எங்கே போய் இடிக்கிறது என்பதை F, G இரண்டு பத்திகளும் உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் தாளை ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். நாலாவது மாற்றத்துக்குப் பிறகு இரண்டாவது மாற்றமே நன்றாக இருந்தது என்று தெரியவரும்.

போஸ்டர்: ஒற்றைப்படை, இரட்டைப்படை

தொண்ணூறு நிமிடமும் 42 பேரும் தங்கள் போஸ்டர் முன்னாலேயே நின்றால், அவர்களில் ஒருவராலும் இன்னொரு போஸ்டரைப் பார்க்க முடியாது. அதனால் முதல் 45 நிமிடம் ஒற்றைப்படை எண்காரர்கள் நிற்கட்டும், அடுத்த 45 நிமிடம் இரட்டைப்படை. மேலே சொன்ன `P1`, `P2` இதுதான். ஒரே தலைப்புப் போஸ்டர்களைத் தொடர்ச்சியாக எண்ணுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் நிற்பார், ஒருவர் சுற்றி வருவார். கூட்டமும் ஒரே இடத்தில் அடைக்காது. அந்தப் பேராசிரியையின் ஆறு போஸ்டர்களும் 13 முதல் 18 வரை வரிசையாக வந்தன. அவர் ஒரு இடத்தில் நின்றால் போதும். ஒருவரே இரண்டு போஸ்டர் வழங்கியே தீர வேண்டிய விதிவிலக்கு வந்தால், அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கொடுத்துவிடுங்கள்.

முதல் நாள் போஸ்டர் எண்கள் 1 முதல் 42, இரண்டாம் நாள் 43 முதல் 84. பலகைகள் அவைதான்: 43-ஆம் போஸ்டர் 1-ஆம் பலகையில். 42 இரட்டைப்படை என்பதால் ஒற்றை எண் ஒற்றைப் பலகையிலேயே விழுகிறது. முதல் நாள் 41 என்று முடித்திருந்தால் 42-ஆம் போஸ்டர் 1-ஆம் பலகைக்கு வரும். எந்த எண்ணைப் பார்ப்பது என்று எல்லாரும் குழம்புவார்கள். ஒரு இடம் காலியானாலும் பரவாயில்லை, முதல் நாள் எண்ணிக்கையை இரட்டைப்படையில் நிறுத்துங்கள்.

சுருக்கம் அனுப்பியபோது கொடுத்த எண் வேறு, இந்தப் போஸ்டர் எண் வேறு. முதலாவது கடைசிவரை மாறாது. கட்டண ரசீதும் கடிதங்களும் அந்த எண்ணில்தான் இருக்கும். இரண்டாவதை அட்டவணை முடிந்த பிறகு மட்டும் கொடுக்க வேண்டும்.

பலகைகளைப் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுப்போம். இருபுறமும் ஒட்டக்கூடிய 21 தட்டிகள் 42 பலகைக்குச் சரி, கூடுதலாக ஒன்று சொல்லிவையுங்கள். எண் ஒட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். தன்னார்வ மாணவர்கள் ஒரு தட்டியின் முன்புறம் 1, பின்புறம் 2 என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அப்போது ஒற்றைப்படை எல்லாம் ஒரு பக்கம், இரட்டைப்படை எல்லாம் மறுபக்கம். முதல் 45 நிமிடம் ஒரு பக்கத்தில் நெரிசல், மறுபக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு முகத்தில் 1, 2, 3 என்று வரிசையாகப் போய், கடைசியில் திரும்பி, மறுமுகத்தில் தொடர வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள்.

அளவை அடியில் சொல்லுங்கள்: மூன்றடி அகலம், நாலடி உயரம். ஏ0 என்று மட்டும் எழுதினால் சிலர் படுக்கைவாக்கில் அடித்துக்கொண்டு வருவார்கள். அது 1189 மில்லிமீட்டர் அகலம், அதாவது கிட்டத்தட்ட நாலடி. மூன்றரை அடி தட்டியில் பக்கத்துப் போஸ்டரின் மேல் ஏறும். நம் ஊரில் பெரும்பாலும் ஃபிளெக்ஸில்தான் அடிக்கிறார்கள். அது கனமானது. டபுள் சைடு டேப் மட்டும் போட்டு ஒட்டினால் மதியச் சூட்டில் மேல் முனை கழன்று மடிந்து விழும். நாலு மூலைக்கும் கிளிப் வாங்கி வையுங்கள். எதிரெதிர்த் தட்டிகளுக்கு நடுவில் பத்தடி இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று படிக்கும்போது நடுவில் ஒருவர் தேநீரோடு போக வேண்டும்.

நடுவர்கள்

சிறந்த போஸ்டர் பரிசு உண்டென்றால், நடுவர் எத்தனை பேர் என்பதை இந்த 45 நிமிடம்தான் முடிவு செய்கிறது. ஒரு போஸ்டருக்கு ஆறு நிமிடம், அடுத்ததற்கு நடக்க ஒரு நிமிடம். 45 நிமிடத்தில் ஒரு நடுவர் ஆறு பார்க்கலாம். 21 போஸ்டர், ஒவ்வொன்றையும் இரண்டு நடுவர் பார்க்க 42 முறை. ஏழு நடுவர்கள் வேண்டும். எட்டு பேரைக் கூப்பிடுங்கள், ஒருவர் வராமல் போவார். மூன்று நடுவரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால், கடைசி வரிசைக்கு அரை நிமிடம்கூட கிடைக்காது. அந்த மாணவர்கள் தூரத்தில் வரும் நடுவரையே பார்த்துக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தபடி நிற்பதும், அவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போவதும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒவ்வொரு நடுவருக்கும் அவர் பார்க்க வேண்டிய ஆறும் ஆறும் பன்னிரண்டு எண்களை எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். தன் மாணவருடைய போஸ்டர் அதில் வரக்கூடாது. பேராசிரியையின் ஆறு போஸ்டர்களும் முதல் நாள் என்பதால் அவரை இரண்டாம் நாள் நடுவராக்கினேன். இரண்டாம் நாள் போஸ்டர் 12:30-க்கு முடிந்துவிடுவதால் மதிப்பெண் கூட்ட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. மதியம் வைத்திருந்தால் நிறைவு விழா மேடையில்தான் கூட்ட வேண்டியிருக்கும்.

வெளியிட்ட பிறகு

வரைவைப் பத்து நாளுக்கு முன் எல்லாருக்கும் அனுப்பி, மூன்று நாள் அவகாசம் கொடுங்கள். முழு அட்டவணையை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டால் பாதிப் பேர் தங்கள் வரியைத் தேடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக நாள், நேரம், அரங்கு, பலகை எண் நான்கையும் எழுதி அனுப்புங்கள். மூன்று நாளுக்கு அப்புறம் எண்களை மாற்றாதீர்கள். யாராவது விலகினால் அந்த எண் காலியாகவே இருக்கட்டும். அடுத்தவரை மேலே ஏற்றினால் நடுவர் தாள், தலைவர் தாள், பலகை எல்லாம் மாற வேண்டியிருக்கும். அதில் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

வழங்குபவரை மட்டும் மாற்றக் கேட்பார்கள்: 'எனக்குக் காய்ச்சல், என் ஜூனியர் பேசுவார்.' சரி என்று சொல்வதற்கு முன் `People` தாளில் `M`-ஐ ஜூனியரின் வரிக்கு மாற்றி F-ஐப் பாருங்கள். ஜூனியருக்கு அதே நேரத்தில் வேறு வேலை இருக்கலாம். முதலில் சொன்ன அந்த மாணவிக்கு நடந்ததும் இது போன்ற மோதல்தான்.

அன்றைக்கு ஒரு பேச்சாளர் வரவில்லையென்றால் அடுத்தவரை முன்னால் கூப்பிட வேண்டாம் என்று தலைவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு அரங்கிலும் உரைகள் ஒரே நேரத்தில் தொடங்குவதால்தான் ஒன்றைக் கேட்டுவிட்டு மறு அரங்குக்கு ஓட முடிகிறது. நாலாவது உரையைக் கேட்க 2:15-க்கு ஒருவர் வருகிறார். அது 2:00-க்கே தொடங்கி முடிந்துவிட்டது என்றால் அவருக்கும் நஷ்டம், பேசியவருக்கும் நஷ்டம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் முந்தைய உரைகளுக்குக் கூடுதல் கேள்விகள் கேட்கட்டும். வராதவர் தாமதமாக வந்து நின்றால் B, C-யின் கடைசியில் விட்டுவைத்த இரண்டு இடங்களில் ஒன்றைக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அதையும் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.